எடைக்கல் கேள்விகள்

கணக்கில் நான் எடுத்தது முப்பத்தெட்டுப் புள்ளி. அந்தப் பள்ளியில் அதுவரை முப்பத்தைந்து எடுத்தால் சித்தி, பாஸ். முப்பத்தைந்தோடு தப்பித்த இரண்டு அக்காமார் எனக்கு முந்தின வருஷம் எஸ்.எஸ்.ஸி. வகுப்பில் போய் உட்கார்ந்ததை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். அதனால் புள்ளி வாசித்த அன்று எனக்குப் பயமே இல்லை. மூன்று புள்ளி மிச்சமாக வைத்திருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

தலைமையாசிரியர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். எஸ்.எஸ்.ஸி. வகுப்பில் இருபத்துநான்கு பேர் உட்காரத்தான் வாங்கு இருந்தது. இருபத்துநான்காவது பேர் எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மகன். அவன் எடுத்தது நாற்பது. அவன் பேருக்குக் கீழே சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். "இந்த வருஷம் நாற்பது" என்றார். என் பேர் அந்தக் கோட்டுக்கு அடுத்த வரியில் இருந்தது.

நான் அழவில்லை, வாய்திறந்து கேட்டேன். "சேர், போன வருஷம் முப்பத்தஞ்சுதானே?" அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். பெரிய கங்காணி வீட்டுப் பிள்ளை அவர். கூலியாட்கள் இருக்கிற லயத்துப் பிள்ளை கேள்வி கேட்டால் அவர் முகம் ஒரு மாதிரிப் போகும். "கொழுந்துக்கூடைக்கு முப்பத்தெட்டு தாராளமாப் போதும்" என்றார். வகுப்பே சிரித்தது. கிளாக்கரின் மகன் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தான்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த காலம். தோட்டத்து ஆட்களான எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லையென்று ஆகியிருந்தது. படித்துத் தேறியதற்குக் காகிதம் ஒன்று கையில் இல்லாவிட்டால் மலையை விட்டு வெளியேற வேறு வழியே இல்லை. அப்பா இன்னொரு வருஷம் படிக்க வைக்க முடியாது என்றார். தோட்டத்துக் கூலிப் பதிவேடான செக்ரோலில் பேர் பதிந்தார்கள். எட்டு மாதம் நான் மலையில் கொழுந்து பறித்தேன். காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போதெல்லாம் அந்தச் சிவப்புக் கோடுதான் ஞாபகம் வரும். மழையில் அட்டை கடிக்கும்போது அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டே பிடுங்கிப் போடுவேன். திட்டத் திட்ட எனக்குத் தெம்பு வந்தது என்பதுதான் உண்மை.

பிறகு தோட்டப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது; என்னைக் கூப்பிட்டார்கள். அங்கிருந்துகொண்டே தனியாகப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தேன். பயிற்சிக் கல்லூரிக்கும் போய்வந்து அங்கேயே ஆசிரியையானேன். இதையெல்லாம் விரிவாகச் சொன்னால் பெருமையடிப்பது போலிருக்கும். சொல்ல வந்தது வேறு. படித்த ஒவ்வொரு நாளும் அந்த மனுஷனை ஒருநாள் ஒரு கை பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் படித்தேன்.

சந்தர்ப்பம் தானாக வந்தது. எங்கள் பக்கத்துப் பத்துப் பன்னிரண்டு பள்ளிகள் சேர்ந்து எஸ்.எஸ்.ஸி. வகுப்பில் சேர ஒரே பொதுக் கணக்குப் பரீட்சை வைக்கலாமென்று முடிவெடுத்தார்கள். ஒவ்வொரு தலைமையாசிரியரும் தன் இஷ்டத்துக்குக் கோடு இழுக்கிறார்கள் என்று பல இடங்களிலிருந்தும் முறைப்பாடு போயிருந்தது. ஒரு பாதிரியார் தலைவராக இருக்க, ஒரு குழு அமைந்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறது, ஸ்டென்சில் வெட்டத் தெரியும் என்பதற்காக என்னையும் போட்டார்கள். பொம்பளை ஆசிரியைக்கு எழுத்து வேலைதானே என்று நினைத்துக் கொடுத்தார்கள். அந்த எழுத்து வேலையில்தான் எல்லா அதிகாரமும் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. என் பழைய தலைமையாசிரியரும் குழுவில் இருந்தார். ஆனால் அவர் டியூஷன் நடத்துவதால் வினாத்தாளைப் பார்க்க அவருக்கு அனுமதியில்லை.

முதல் கூட்டத்திலேயே பாதிரியார் ஒரு கேள்வி கேட்டார். "பாஸ் என்றால் என்ன? நூற்றில் பாதியா, மூன்றில் ஒன்றா? எதற்காக அந்த எண்?" பழைய தலைமையாசிரியர், "வழக்கமா வர்றதுதான் ஃபாதர்" என்றார். நான் பயிற்சிக் கல்லூரியில் படித்ததை எழுந்து சொன்னேன். மேல் வகுப்பில் உட்கார்ந்தால் தட்டுத்தடுமாறியாவது பாடத்தைப் பின்தொடரக்கூடிய கடைசிப் பிள்ளையை மனதில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு கேள்வியாக எடுத்து, அப்படிப்பட்ட பத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் இதைச் செய்வார்கள் என்று கேட்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் வருவதுதான் பாஸ். எத்தனை வாங்கு இருக்கிறது என்று பார்த்துப் போடுவது பாஸ் இல்லை, அது இடம் ஒதுக்குவது. இதைச் சொல்லும்போது நான் ஒருவரைப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து ஆசிரியர்கள் உட்கார்ந்து அப்படியே செய்தோம். நாற்பதுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. நாற்பது என்று வைத்தோம். எனக்கு எரிச்சலாக இருந்தது, அவர் இழுத்த அதே எண். ஆனால் இது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல், பரீட்சைக்கு முன்னாலேயே போட்ட நாற்பது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும், அது போதும்.

அடுத்து கேள்விப் பெட்டி. ஃபேக்டரித் தச்சரிடம் சொல்லித் தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒன்று செய்வித்தேன். பூட்டுச் சாவி என்னிடம். ஒரு கேள்விக்கு ஒரு அட்டை. முன்பக்கம் கேள்வியும் விடையும். பின்பக்கம் எந்த வருஷம் போட்டோம், எழுதியவர்களில் நன்றாகச் செய்த மேல் மூன்றிலொரு பங்கில் எத்தனை பேர் சரி, கீழ் மூன்றிலொரு பங்கில் எத்தனை பேர் சரி. எல்லாருக்கும் தெரிந்த கேள்வியும் யாருக்கும் தெரியாத கேள்வியும் ஆளைப் பிரித்துக் காட்டாது. கீழே உள்ளவர்கள் சரியாகச் செய்து, கெட்டிக்காரப் பிள்ளைகள் தவறிய கேள்வியென்றால் அந்தக் கேள்வியிலேயே ஏதோ கோளாறு, கிழித்துப் போடுவேன். பத்துக் கேள்வி எழுதினால் நான்குதான் தேறும். எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சிரமம் தெரியும்.

தேறுமா தேறாதா என்று முன்கூட்டியே பார்க்கவும் ஒரு வழி வைத்திருந்தேன். இறம்பொடைப் பக்கம் ஒரு பள்ளியில் என்னோடு பயிற்சிக் கல்லூரியில் படித்த சிநேகிதி இருந்தாள். அவளுடைய பள்ளி எங்கள் குழுவில் இல்லை. புதுக் கணக்குகளை அவளுக்கு அனுப்புவேன். வகுப்புச் சோதனைபோல வைத்து, விடைத்தாள்களை பஸ்ஸில் கொடுத்தனுப்புவாள். அதற்குப் பிறகுதான் கேள்வி பெட்டிக்குள் போகும்.

டவுனில் எல்லாரும், "கேள்வியெல்லாம் திரும்பத் திரும்ப வருது" என்பார்கள். வராமல் என்ன செய்யும்? பாடத்திட்டத்தில் இருக்கிற மூலைகள் கொஞ்சம்தான். வட்டி, வேலையும் நாளும், ரயில், பரப்பளவு. எந்தப் பக்கம் திரும்பினாலும் பழைய சுவரில்தான் முட்ட வேண்டும். அதோடு நாங்கள் வேண்டுமென்றே திருப்பிப் போடுவதும் உண்டு. வினாத்தாளின் முதல் பகுதியில் இருபது சிறு கேள்விகள், ஒன்றுக்கு இரண்டு புள்ளி. அதில் ஐந்து கேள்வி ஒவ்வொரு வருஷமும் ஒரு எழுத்துக்கூட மாறாமல் வரும். அவற்றை நான் எடைக்கல் கேள்வி என்று சொல்வேன். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் இன்று எடை குறைந்தால் கொழுந்து குறைந்ததென்று சொல்லலாம், படிக்கல் நேற்றுப் போட்ட அதே படிக்கல்லாக இருந்தால் மட்டும். புள்ளி சரிந்த வருஷத்தில் பிள்ளைகள் மந்தமா, தாள் கடினமா என்று அந்த ஐந்தை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். பிள்ளைகள் அந்த ஐந்தையும் போன வருஷம்போலவே செய்துவிட்டு மொத்தத்தில் சரிந்திருந்தால், தாள் கடினம். எவ்வளவு கடினமோ அவ்வளவு பாஸ் இறங்க வேண்டும். இதற்காகவே வினாத்தாள்களை எண்ணித் திருப்பி வாங்கிவிடுவோம். ஒரு தாளும் வெளியே போகாது.

நான்காவது வருஷம் அட்டைகளின் பின்பக்கம் எழுதும்போது ஒன்று உறுத்தியது. என் பழைய தலைமையாசிரியரின் பள்ளியில் மட்டும், கடைசியில் நிற்கிற பிள்ளைகள்கூட அந்த ஐந்து கேள்வியையும் பிசகாமல் செய்திருந்தார்கள். பக்கத்துக் கேள்வியில் கூட்டலே தவறியவன் வேலையும் நாளும் கணக்கில் சரியான விடை எழுதியிருந்தான். வழிமுறை ஒன்றும் இல்லை, வெறும் விடை.

அவர் டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடை மேல்மாடியில் டியூஷன் வைத்திருந்தார். நான் சேலை எடுக்கப் போனபோது முதலாளியே பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"உங்க பரீட்ச முடிஞ்ச அன்னிக்கு மேல ஒரே சத்தம் டீச்சர். ஓதுற பள்ளிக்கூடம் மாதிரி ஒவ்வொரு புள்ளயா எழும்பி ஒப்பிக்குது. ஒண்ணாம் நம்பர் ஒருத்தன், ரெண்டாம் நம்பர் இன்னொருத்தன். சேர் எழுதிக்கிறாரு."

புரிந்துவிட்டது. பரீட்சைக்குப் போகுமுன்னே பிள்ளைக்கு ஒரு இலக்கம் பிரித்துக் கொடுக்கிறார். உனக்கு ஏழு, உனக்கு எட்டு. மற்றது எப்படிப் போனாலும் அந்த ஒரு கேள்வியை மனப்பாடம் செய்துகொண்டு வா. இருபது பிள்ளைகள் சேர்ந்தால் தாள் முழுசாக வெளியே வந்துவிடும். மூன்று வருஷத் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மாறாத ஐந்தும் தானாகத் தெரிந்துவிடும். அதை அச்சடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, "வினாத்தாள் போடுறவங்க சோம்பேறிங்க, இதுவே வரும்" என்று சொல்லியிருக்கிறார். சோம்பேறி என்றது என்னை.

நியாயமாக நான் என்ன செய்திருக்க வேண்டும்? பாதிரியாரிடம் போய்ச் சொல்லி, அந்த ஐந்தையும் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு, தலைமையாசிரியர் அச்சடிக்காத பழைய அட்டைகளில் வேறு ஐந்தை எடைக்கல்லாகப் போட்டிருக்க வேண்டும். அப்படிப்பட்ட அட்டைகள் பெட்டியில் இருந்தன. ஒருமுறை மட்டும் போட்டவை, அவர் கண்ணுக்கு இன்னும் தனியாகத் தெரியாதவை. அதற்கு ஒரு மத்தியானம் போதும். நான் செய்யவில்லை. பாதிரியாரிடம் சொன்னால் அவர் இவரைத் தனியாகக் கூப்பிட்டு மென்மையாகக் கண்டிப்பார். விஷயம் அத்தோடு முடிந்துவிடும். எனக்கு அது போதவில்லை. எல்லார் முன்னாலும் அந்த மனுஷனின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

அடுத்த வருஷத் தாளில் அந்த ஐந்து கேள்வியையும் அப்படியே வைத்து, எண்களை மட்டும் மாற்றினேன். பன்னிரண்டு பேர் ஒரு மலையில் புல் வெட்ட பதினைந்து நாள். பதினெட்டுப் பேர் வெட்ட எத்தனை நாள்? பத்து நாள் என்பது பழைய விடை. பதினெட்டை இருபதாக்கினேன், விடை ஒன்பது. பட்டிப்பொலையில் ஒன்பது நாற்பதுக்குப் புறப்படும் ரயில் இரண்டு மணி முப்பத்தைந்து நிமிஷம் ஓடினால் பன்னிரண்டே கால். முப்பத்தைந்தை ஐம்பத்தைந்து ஆக்கினேன். மனப்பாடம் செய்தவன் கேள்வியின் முதல் நாலு சொல்லைப் பார்த்ததுமே விடையை எழுதிவிடுவான் என்று எனக்குத் தெரியும். ஸ்டென்சில் வெட்டும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தில் இரண்டாம் பகுதியைக் கவனிக்கவில்லை. அதில் நான்கு நீளக் கணக்கு, அறுபது புள்ளி. நாலையும் புதிதாகப் போட்டேன், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே போட்டேன். அவருடைய டியூஷன் நோட்டில் எதுவும் மிஞ்சக்கூடாது என்ற வீம்பு. இறம்பொடைக்கு அனுப்பிப் பார்க்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வருஷம் என் பள்ளியிலிருந்து பரீட்சைக்குப் போனது ஒரே பெண். லயத்தில் கடைசிக் காம்பராதான் அவளுடைய வீடு. அவளுடைய அப்பாவுக்கு இடுப்பில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் இருந்தது. அம்மா என்னிடம் வந்து தெளிவாகச் சொல்லிவிட்டாள். "இந்த ஒரு தடவ டீச்சர். பாஸானா எப்படியாச்சும் டவுனுக்கு அனுப்புறோம். இல்லாட்டி பேர் பதிஞ்சிருவோம், தோட்டத்துக் கண்டாக்கையாகிட்டயும் வேலைக்குச் சொல்லியாச்சு." அந்தப் பெண் டியூஷனுக்குப் போனதில்லை. யோசித்துத்தான் எழுதுவாள், மெதுவாக எழுதுவாள், எழுதினது சரியாக இருக்கும். அவளைவிட வேகமான பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவளைப்போல ஒரு கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளையைப் பார்த்ததில்லை.

பரீட்சை முடிந்து விடைத்தாள் கட்டுகள் வந்தன. இலக்கம் மட்டும்தான், பேர் இல்லை; ஐந்து பேரும் பிரித்துத் திருத்தியதில் என் பள்ளித் தாள் இன்னொருவர் கைக்குப் போனது. ஆனால் அவருடைய பள்ளிக் கட்டு எதுவென்று பிரித்ததுமே தெரிந்துவிட்டது. பத்து, பத்து, பத்து, பத்து. முப்பத்தொரு தாளில் இருபத்தாறில் பத்து நாள். ரயில் பன்னிரண்டே காலுக்கே போய்ச் சேர்ந்திருந்தது. நான் ஒவ்வொன்றாகச் சிவப்பு மையில் வெட்டினேன். வெட்டுவதற்காகவே புது நிப் வாங்கி வைத்திருந்தேன்.

குழு கூடியது. பட்டியல் மேசையில். அவருடைய பள்ளியில் வழக்கமாக இருபது பேருக்கு மேல் தேறுவார்கள். இந்த முறை ஒன்பது பேர். அவர் முகம் வெளுத்திருந்தது. எழுந்து நின்றார்.

"ஃபாதர், இந்த வருஷம் தாள் ரொம்பக் கஷ்டம். புள்ளைங்க பாவம். பாஸ் மார்க்கை முப்பத்தஞ்சுக்கு இறக்கணும்."

முப்பத்தைந்து! அந்த எண்ணை அவர் வாயிலிருந்து கேட்பதற்கு நான் பத்து வருஷம் காத்திருந்தேன் போலிருக்கிறது. நான் இருபத்தாறு விடைத்தாளையும் எடுத்து மேசையில் வரிசையாகப் பரப்பினேன். பழைய கேள்வி அட்டையையும் புதிய வினாத்தாளையும் பக்கத்தில் வைத்தேன்.

"ஃபாதர், இருபது பேர் வேலை செஞ்சா ஒம்பது நாள். இவங்க எல்லாரும் பத்து நாள்னு எழுதியிருக்காங்க. தப்பா எழுதறவங்க ஆளுக்கொரு தப்பு எழுதுவாங்க. இருபத்தாறு பேரும் ஒரே தப்பு எழுதியிருக்காங்க, அதுவும் போன வருஷக் கேள்விக்குச் சரியான விடை. வெளிய போகாத தாளோட விடை இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு? சேர்கிட்டக் கேளுங்க."

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் ஒரு தாளை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அந்த முகத்தை நான் ஆசை தீரப் பார்த்தேன். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றுவரை தோன்றவில்லை. பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தலைமையாசிரியர் குழுவிலிருந்து விலகிக்கொள்வது நல்லது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் தன் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

கதவுப்பக்கம் போனவர் நின்று திரும்பினார். "சரி டீச்சரம்மா, நான் செஞ்சது தப்புன்னே வைங்க. தாள் கஷ்டமா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

பாதிரியாரும் என்னைப் பார்த்தார். "அதையும் கேட்க வேண்டும்தான். எடைக்கல் என்ன சொல்கிறது டீச்சர்?"

எடைக்கல் ஒன்றும் சொல்லாது. ஐந்தையும் நானே மாற்றிவிட்டேன். மாற்றாத ஒன்றுகூடத் தாளில் இல்லை. போன வருஷத்தோடு ஒப்பிட என் கையில் ஒரு கேள்வியும் கிடையாது. தாள் கடினமா, பிள்ளைகள் மந்தமா, இந்த உலகத்தில் யாராலும் சொல்ல முடியாதபடி நான் செய்திருந்தேன். தெரியாது என்றால் அவர் கேட்டபடி பாஸ் இறங்கும். அவர் வென்று வெளியே போவார்.

"தாள் கஷ்டமில்லை ஃபாதர்" என்றேன். "நாற்பது நாற்பதுதான்."

குழு ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகுதான் இலக்கத்துக்கு எதிரே பேர் எழுதும் வேலை வந்தது. நானே எழுதினேன். என் பள்ளிப் பெண்ணுக்கு முப்பத்தேழு. மாற்றிப்போட்ட ஐந்து கேள்வியையும் அவள் சரியாகச் செய்திருந்தாள். ஒன்பது நாள் என்று அழகாக எழுதி, வழிமுறையையும் பக்கத்தில் காட்டியிருந்தாள். நீளக் கணக்கில்தான் விழுந்துவிட்டாள். நாலில் இரண்டைத் தொடவே இல்லை.

இரண்டு நாள் எனக்கு எதுவும் ஓடவில்லை. மூன்றாம் நாள், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அந்த நாலு நீளக் கணக்கையும், போன வருஷ நாலு நீளக் கணக்கையும் இறம்பொடைக்கு அனுப்பினேன். இரண்டையும் பார்த்திராத பிள்ளைகள். பாதி வகுப்புக்கு முதலில் பழையது, மறுபாதிக்கு முதலில் புதியது, அடுத்த நாள் மாற்றி வைக்கச் சொன்னேன். முதலில் செய்த பழக்கம் இரண்டாவதுக்கு உதவி கணக்கைக் கெடுக்கக்கூடாதல்லவா. ஒரே பிள்ளைகள், இரண்டு தாள். ஒரு கிழமையில் விடைத்தாள் வந்தது. திருத்திச் சராசரி எடுத்தேன். புதுத் தாளில் ஆறு புள்ளி குறைவு. நம்பாமல் இன்னொரு முறை கூட்டினேன். ஆறுதான்.

போன வருஷத்து நாற்பது இந்த வருஷம் முப்பத்துநான்கு. என் பெண் பாஸ். மூன்று புள்ளி மிச்சத்தோடு பாஸ்.

பட்டியலை எடுத்து முப்பத்துநான்குக்கும் நாற்பதுக்கும் நடுவில் யார் யார் என்று பார்த்தேன். பத்துப் பேர். ஒன்று என் பெண். மற்ற ஒன்பதும் அவருடைய பள்ளி. ஒன்பது பேரைத் தூக்கிவிட்டால்தான் என் ஒன்றை எடுக்க முடியும். அதோடு, தாள் கஷ்டம் என்று அந்த மனுஷன் சொன்னது சரி, நான் சொன்னது பொய் என்று நானே பாதிரியார் முன்னால் நின்று சொல்ல வேண்டும். ஏன் எடைக்கல்லை மாற்றினாய் என்று அவர் கேட்பார். அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

அந்த ஆறு புள்ளிக் கணக்குப் போட்ட காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தேன். நாளைக்குப் போகலாம் என்று வைத்தேன். மறுநாள் ஏதோ வேலை வந்தது. அடுத்த நாள் மழை. அந்த ஒன்பதும் பிள்ளைகள்தான் என்று எனக்குத் தெரியாமலில்லை. கோடு எந்த இடத்தில் விழும் என்று தெரியாமல் நிற்கிற பிள்ளைகள். ஆனால் பாதிரியார் வீட்டுப் படியேற நினைக்கும்போதெல்லாம் அந்த மனுஷன் சிரிப்பது என் கண் முன்னால் வந்தது. இரண்டு கிழமை கழித்து ஒருவழியாகப் புறப்பட்டபோது வகுப்பு ஆரம்பித்து வாங்குகளும் நிரம்பிவிட்டன. பாதி வழியில் திரும்பிவிட்டேன். நேரம் போய்விட்டதென்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது பொய். நேரம் போகட்டும் என்றுதான் நான் காத்திருந்தேன்.

அதற்கடுத்த திங்கட்கிழமை பள்ளிக்குப் போகும்போது கொழுந்து மலைப்பாதையில் அந்தப் பெண் எதிரே வந்தாள். தலையில் கொங்காணிச் சாக்கு, முதுகில் கூடை. ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள்.

"வணக்கங்க டீச்சர்."

என்ன கேட்பதென்று தெரியாமல், "எப்படி இருக்கே?" என்றேன்.

"நல்லாருக்கேங்க. மொத மொத கைதான் கொஞ்சம் கிழியுது." சிரித்தாள். பிறகு நான் மனசு வருத்தப்படக்கூடாது என்று நினைத்தவள்போல அவசரமாகச் சொன்னாள். "நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க டீச்சர், எனக்குத்தான் மண்டையில ஏறல. தங்கச்சி என்னய மாதிரி இல்ல, கெட்டிக்காரி. வர்ற வருஷம் அவ எழுதுவா. உங்ககிட்ட ஒழுங்காப் படிச்சாப் போதும்னு சொல்லியிருக்கேன்."

மேலே கங்காணி சத்தம் போட்டார். அவள் கூடையைச் சரிசெய்துகொண்டு ஓடினாள். அந்தக் காகிதம் அப்போதும் என் கைப்பையில்தான் இருந்தது.